டேப்பில் விழாத பதில்

வினாடி வினா நிகழ்ச்சிக்கு எழுதுவதென்றால் கேள்வி எழுதுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேள்வி அதில் பாதி வேலைகூட இல்லை. தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் கண்ணில் படுவது, வலப்பக்கம் காதில் விழுவது. "மதிப்பெண் பலகை, நெருக்கத்தில், ஐந்து நொடி" என்று இடப்பக்கம் எழுதினால், அதே வரியில் வலப்பக்கம் "ஹார்மோனியம், மெல்ல எழும்பி அடங்கும்" என்று எழுத வேண்டும். நடத்துபவர் தானாகப் பேசுவதுபோல் பேசுகிற வேடிக்கைப் பேச்சுகூட நாம் எழுதிக் கொடுப்பதுதான். சரியான பதிலுக்கு மூன்று விதப் பாராட்டு, தப்பான பதிலுக்கு மூன்று வித ஆறுதல். சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் கைக்குள் அடக்கிக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கிற கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றில் வீடியோ ஸ்டூடியோ ஒன்று இருந்தது. சுவர்கள் ஒரு முழம் கனம். தெருச் சத்தம் உள்ளே வராது. கல்யாண வீடியோ எடுப்பதுதான் அங்கே பிழைப்பு. முதலாளிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வினாடி வினா ஒன்றை கேசட்டாக எடுத்துக் கொடுக்கும் ஆர்டர் வந்தது. முதல் கேசட் நன்றாக இருந்தால் இன்னும் பன்னிரண்டு. அவர் எங்கள் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்கு வீடியோ எடுக்க வந்தபோது என் அம்மாவிடம், "உங்க பொண்ணு ஏதோ பத்திரிகையில எழுதுமாமே?" என்று கேட்டு என்னைப் பிடித்துப் போட்டார். எனக்கு இருபத்தெட்டு வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

நடத்துபவர் ஒரு கல்லூரி ஆசிரியர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. குரல் வெண்கலம். ஆனால் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற பழக்கம். ஒத்திகையில், "அடடே, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்களே, அடைப்புக்குறிக்குள் சிரித்தபடி" என்று கணீரென்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அன்று முதல் நடிப்புக் குறிப்புகளை நான் சிவப்பு மையில் எழுதினேன். சிவப்பை வாசிக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

பஸ்ஸர் சத்தமும் என் தலையில்தான் விழுந்தது. எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்த பெட்டியில் மூன்று அணிக்கும் தனித்தனியே ஒரு பொத்தான், ஒரு விளக்கு. யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்கள் விளக்கு எரியும். மற்ற இரண்டும் செத்துப்போகும். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் கூடவே வைத்த மின்மணி மைக்கில் கோழி கழுத்தை நெரித்த மாதிரி கேட்டது. ஆகவே மணியைக் கழற்றிவிட்டோம். படப்பிடிப்பில் விளக்கு மட்டும். சத்தத்தைப் பிறகு எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வது. அ அணிக்கு ரிக்‌ஷா மணி, ஆ அணிக்கு ஹார்மோனியத்தில் ஒரு கட்டை, இ அணிக்கு வீட்டு அழைப்புமணி. மூன்றையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தேன். எந்தக் கேள்விக்கு எந்தச் சத்தம் என்று பிறகு நான் ஒரு பட்டியல் எழுதித் தரவேண்டும். அந்தப் பட்டியல்தான் விஷயம்.

படப்பிடிப்பன்று எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மதிப்பெண் பலகை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தாளில் கணக்கு எழுதி, ஆணியில் எண் அட்டைகளை மாட்டவேண்டும். அதற்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். டேப்பில் பதிவானது மட்டுமே தாளில் ஏறும். இருமல், தும்மல், மைக் கோளாறு என்று வீணாய்ப் போகிற டேக்கையெல்லாம் எழுதினால் எடிட்டிங்கில் தலை சுற்றும் என்று ஒத்திகையிலேயே கண்டுபிடித்தேன். முதலாளி, "நல்ல முறைங்க இது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் மிதந்தேன்.

மூன்று பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு பேர். ஆ அணியில் அரசுப் பள்ளிப் பெண்கள் இருவர். அதில் ஒருத்தியைப் பற்றித்தான் இத்தனையும். பதினான்கு வயது, கருவடிக்குப்பம், அப்பா மில்லில் வேலை பார்த்தவர். இரட்டைப் பின்னலில் எண்ணெய் வழிய வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறதே என்று நான் பவுடர் பூசிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

"ஜெயிச்சா நெசமாவே மெட்ராஸ் கூட்டிப் போவாங்களாக்கா?" என்றாள்.

ஜெயிக்கிற அணிக்கு அதுதான் பரிசு. அடுத்த சனிக்கிழமை மெட்ராஸில் நடக்கும் பெரிய போட்டிக்கு அழைத்துப்போவார்கள். இரண்டு நாள் தங்கல்.

"போவாங்கம்மா. ஏன், போனதில்லையா?"

"நான் ஊரு எல்லையில இருக்கற கோரிமேட்டத் தாண்டுனதே இல்லக்கா. எங்கம்மா இப்பவே பக்கத்து வீட்டுல பை கேட்டு வெச்சிருக்கு."

"சரி, பேசாத. பவுடர் வாயில போவுது" என்றேன்.

பெண் கெட்டிக்காரி. முதல் சுற்று நேரடிக் கேள்விகள், இரண்டாவது கேள்வியைக் கைமாற்றிவிடும் சுற்று, மூன்றாவது படம் பார்த்துச் சொல்வது. மூன்றிலும் தடுமாறாமல் வந்தாள். கடைசி பஸ்ஸர் சுற்று. பத்துக் கேள்வி, சரியென்றால் பத்து, தப்பென்றால் ஐந்து குறையும். கேள்வி முடியுமுன்னேயும் அழுத்தலாம். அழுத்தினால் முசியே வாசிப்பதை நிறுத்திவிடவேண்டும். எட்டு கேள்வி முடிந்தபோது இ அணி எண்பது, ஆ அணி எழுபத்தைந்து. அ அணிப் பிள்ளைகள் அதற்குள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

படம் பிடிக்கிற கேசட் ஒன்று இருபது நிமிஷம்தான் ஓடும். ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது. முதலாளி பக்கத்து அறையில், அந்த வீட்டின் பழைய சமையலறையில், காமிராவுக்குக் காமிரா படத்தை மாற்றும் மிக்ஸரும் ரெக்கார்டருமாக இருந்தார். சுற்று சூடாக இருக்கிறதே, டேப் தீருமுன் எப்படியும் முடிந்துவிடும் என்று அவர் நிறுத்தாமல் விட்டுவிட்டார்.

ஒன்பதாவது கேள்வி. "சூரியனுக்கு மிக அருகில்..." என்று முசியே தொடங்கியதுமே ஆ அணியின் விளக்கு எரிந்தது.

"ஆ அணி!"

"புதன்" என்றாள் அவள். சொல்லி வாய் மூடுமுன் சமையலறையிலிருந்து முதலாளியின் குரல். "நிறுத்துங்க, நிறுத்துங்க, டேப் முடிஞ்சிடுச்சு!"

அறை முழுக்க உச்சுக்கொட்டியது. விளக்குகளை அணைத்தோம். முசியே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கேள்வியை மறுபடி எடுக்கவேண்டும். அதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான். பதில் சொன்ன பிள்ளையை இன்னொரு தரம் அதையே சொல்லச் சொல்வார்கள், அதுவும் புதுசாய்ச் சொல்வதுபோல. முதல் தரம் யார் சொன்னார்களோ அவர்களுக்குத்தான் மதிப்பெண்.

நான் அவளிடம் போய்க் குனிந்து சொன்னேன். "மறுபடி எடுக்கறது படத்துக்காகத்தாம்மா. முன்ன மாதிரி பாதியில அழுத்திடாத. கேள்வி முழுசா வரட்டும், அப்புறம் அழுத்து. என்ன?"

அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. பாதியில் வெட்டப்பட்ட கேள்வி, கேசட் பார்க்கிற பிள்ளைகளுக்குப் புரியாது. முழுக் கேள்வி ஒன்று கையில் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டினாள். ஆனால் மற்ற இரண்டு அணிகளிடமும் போய், "நீங்க இதுக்கு அழுத்தக்கூடாது" என்று சொல்லவேண்டும் அல்லவா? சொல்லவில்லை. புது கேசட்டின் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும் என்ற ஞாபகத்தில் நேராக ஸ்டூலுக்குப் போய்விட்டேன்.

விளக்குகள் வந்தன. முசியே மறுபடி, "சூரியனுக்கு மிக அருகில் சுற்றி வரும் கோள் எது?" என்றார். நான் தலை குனிந்து கேசட் நான்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எரிந்துகொண்டிருந்தது இ அணியின் விளக்கு. அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன். பொத்தானில் கை வைத்திருந்த பிள்ளை. கேள்வி வந்தது, பதில் தெரியும், அழுத்திவிட்டான்.

"இ அணி!" என்றார் முசியே. அவருக்கு விளக்குதான் தெய்வம்.

"புதன் சார்!"

"பிரமாதம்! கோள்களெல்லாம் உங்கள் பக்கம்தான் சுற்றுகின்றன!" அது நான் எழுதிக் கொடுத்த மூன்று பாராட்டில் இரண்டாவது.

அவள் கை பொத்தான் மேலேயே இருந்தது. என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, அழுகையாகவும் இல்லை. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்கிற பார்வை. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய டீச்சர் பாதி எழுந்தார். அவள் திரும்பி ஏதோ சொன்னாள், டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

நான் தாளைப் பார்த்தேன். கேசட் நான்கு, கேள்வி ஒன்பது. டேப்பில் பதிவானது மட்டுமே தாளில் ஏறும். இ அணி, பத்து என்று எழுதினேன். எழுந்துபோய் எண்பதைக் கழற்றி, தொண்ணூறை மாட்டினேன். ஏதோ தப்பு என்று அப்போதே தெரிந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குள் முசியே பத்தாவது கேள்விக்குப் போய்விட்டார். அதற்கும் அவளே அழுத்தி, சரியாகச் சொன்னாள். ஆ அணி எண்பத்தைந்து. இ அணி தொண்ணூறு.

ஹார்மோனியம் எழும்பி அடங்கவேண்டிய இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெரிய மனிதர் கோப்பையைக் கொடுத்தார். முசியே ஆ அணியின் பக்கம் திரும்பி, "தோல்வி என்பது வெற்றிக்குப் போகும் பஸ்ஸின் முதல் நிறுத்தம்" என்றார். அந்த அசட்டு வரியும் என்னுடையதுதான். முதல்நாள் எழுதிவிட்டு நானே ரசித்த வரி. அவள் அதற்கும் கைதட்டினாள்.

எல்லோரும் போனபின் முசியே, என்னை வழக்கமாகக் கூப்பிடும் பிரெஞ்சு மரியாதைச் சொல்லோடு, "மத்மொசேல், கணக்கெல்லாம் சரிதானே?" என்று கேட்டார். சும்மா கேட்டாரா, தெரிந்து கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

"சரிதான் முசியே" என்றேன்.

எடிட்டிங் செவ்வாய்க்கிழமை. மெட்ராஸ் பயணம் சனிக்கிழமை. நடுவில் முழுசாக மூன்று நாள் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

முதலாளியே எடிட் செய்தார். இரண்டு டெக், இரண்டு டி.வி. இதில் ஓடவிட்டு அதில் ஏற்றுவது. நான் பட்டியலோடு பக்கத்தில். மூன்றாவது கேசட்டின் கடைசிக்கு வந்தோம். "சூரியனுக்கு மிக அருகில்" என்கிறார் முசியே. ஆ அணியின் விளக்கு எரிகிறது, பளிச்சென்று. "ஆ அணி!" என்கிறார். படம் அவள் முகத்துக்கு மாறுகிறது. வாயைத் திறக்கிறாள். "பு" என்கிறாள். அவ்வளவுதான். அதற்குமேல் டேப் இல்லை. திரை முழுக்கப் புள்ளி.

முதலாளி டெக்கை நிறுத்தினார். திருப்பி ஓட்டி இன்னொரு தரம் போட்டார். பு. மறுபடி புள்ளி.

"என்னங்க இது, இந்தப் பொண்ணுதானே அழுத்தியிருக்கு? உங்க தாள்ல என்ன இருக்கு?"

அது ஒரு கதவு. அவராகத் திறந்துவிட்ட கதவு. "நான் தப்பா எழுதிட்டேன் சார், ஆ அணிதான் ஜெயிச்சது" என்று சொன்னால் முடிந்தது. முதலாளி நல்ல மனிதர். திட்டியிருப்பார், ஆனால் செய்திருப்பார். அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை அவள் பஸ் ஏறியிருப்பாள்.

ஆனால் கோப்பை கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவர் பெரிய மனிதர். இ அணிப் பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார்கள் என்று கேள்வி. பன்னிரண்டு கேசட் ஆர்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டவை. உண்மை வேறு. "நல்ல முறைங்க இது" என்று சொன்ன மனிதர் முன்னால், என் முறை ஓட்டை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு சின்ன காரணம். ஒரு பாராட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் மெட்ராஸைக் கொடுத்தேன்.

"இ அணி சார்" என்றேன். "இது பதிவாகாத டேக். இதக் கட் பண்ணிடுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்ப சரி. எழுதினவங்க நீங்க" என்று சொல்லிவிட்டு நான்காவது கேசட்டைப் போட்டார். ஒன்பதாவது கேள்விக்கு அழைப்புமணிச் சத்தத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். விளக்கு எரிகிற அந்த நொடியில் சத்தம் சரியாக வந்து உட்கார்ந்தது. டிர்ரிங். கேட்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஒரு சத்தமும் ஒரு அட்டையும் இருந்தால் மறைத்துவிடலாம்.

எடிட்டிங் முடிந்ததும் பழைய கேசட்டுகளின் மேல் சீட்டு ஒட்டவேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதன்மேல் மறுபடி எடுப்பது என்று. மூன்றாவது கேசட்டின்மேல் "மீண்டும் பயன்படுத்தலாம்" என்று எழுதினேன். அடுத்த முகூர்த்தத்தில் அதன்மேல் யாரோ தாலி கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காரணமில்லாமல் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், வேண்டாத காய்கறியெல்லாம் வாங்கி வந்தேன். இரண்டு முருங்கைக்காய் போதும் என்ற வீட்டுக்குக் கட்டாக வாங்கிவந்ததைப் பார்த்து அம்மா, "உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள். பன்னிரண்டு ஆர்டரும் வந்தது. பன்னிரண்டையும் எழுதினேன். தாளில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: "டேப்பில் விழாதவை." அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் பதிலும் தவறிப்போகவில்லை. அவளுக்கு அதனால் என்ன?

கேசட் பள்ளிகளுக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பல வருஷம் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன். தானாகப் போய்ச் சொல்வது என்ற ஒன்று உண்டென்பது மட்டும் எனக்குத் தோன்றாதது மாதிரி இருந்துகொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் என் அம்மாவைக் கண் காட்டக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். சீட்டு எழுதும் மேஜையில் இருந்த பெண், கூட வந்தவர் என்று என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தாள். பின்னல் ஒன்றாகியிருந்தது. முகம் அதேதான்.

"அக்கா! தெரியுதா? பவுடர் போட்டு விட்டீங்களே!"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்தாள். எங்களை வரிசையில் முன்னால் விடப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். இங்கே சீட்டு எழுதும் வேலை, மூன்று மாசமாகிறது, தினமும் பஸ்ஸில் வருகிறேன் என்றாள்.

"இன்னும் மெட்ராஸ் பாக்கலக்கா. கோரிமேடு வரைக்கும் வந்துட்டேன், பாத்தீங்களா" என்று சிரித்தாள்.

அவளாகவே அந்த நாளைப் பற்றிப் பேசினாள். நான் கேட்கவில்லை.

"அன்னிக்கு எங்க டீச்சர் எழுந்து சண்டை போடத்தான் பாத்தாங்க. நான்தான் உக்காருங்க டீச்சர்னேன். அந்த அக்காவே சொன்னாங்க, இது படத்துக்குத்தான்னு. அவுங்க எழுதி வெச்சிருப்பாங்க, கடைசியில சேத்துடுவாங்கன்னேன்."

நான் அம்மாவின் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கோப்பை குடுக்கற வரைக்கும் நினைச்சுகிட்டே இருந்தேன்க்கா. அப்புறமும் ரெண்டு மூணு நாள். அந்த அக்கா வீட்டுக்கு வந்து சொல்லுவாங்கன்னு. எங்கம்மாவும் அந்தப் பையத் திருப்பிக் குடுக்காமயே வெச்சிருந்துச்சு. வெள்ளிக்கிழம ராத்திரிதான் குடுத்துச்சு."

இதுதான் இடம். இத்தனை வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேனே, அந்த இடம். அவள் கேட்கக்கூட இல்லை, சொன்னாள். நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். தப்பு என்னுடையது, டேப்பில் உன் முகம் இருந்தது, நானே வெட்டச் சொன்னேன். மூன்றே வாக்கியம்.

என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ அன்னிக்கே வந்து கேட்டிருக்கலாமேம்மா."

அவள் முகத்தில் சிரிப்பு ஒரு நொடி நின்றது. பிறகு தலையைச் சாய்த்து, அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை பவுடருக்கு முகத்தை நீட்டினாளே, அதே அடக்கத்தோடு சொன்னாள்.

"ஆமாங்க்கா. என் தப்புதான்."

வரிசையில் நின்ற ஒருவர் சீக்கிரம் என்று குரல் கொடுத்தார். அவள் அம்மாவின் சீட்டை எழுதி, பிழை இல்லையே என்று ஒரு தரம் வாசித்துப் பார்த்து, என் கையில் கொடுத்தாள்.